இயந்திரம் வந்தபோது கெடா வயல்களில் கூலிக்காரர்கள் இழந்தது என்ன?

கேள்வி: வணிக விவசாயம் வந்தால் விளைச்சல் கூடுகிறது, ஊரில் பணம் புழங்குகிறது. அப்புறம் ஏன் நிலமில்லாத கூலிகள் மட்டும் நொடித்துப் போனார்கள் என்கிறார்கள்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். என் அப்பா லோரி ஓட்டியவர். அறுவடைக் காலம் வந்தால் பக்கத்து மாநிலமான கெடாவுக்குப் போய் நெல் மூட்டைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டு வருவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடவே போவேன். அதனால் எனக்குத் தெரிந்த அங்குள்ள மூடா நெல் சமவெளியை வைத்தே சொல்கிறேன்.

முதலில், பலர் சொல்லாமல் விடுகிற ஒன்று. தொடக்கத்தில் கூலிகளுக்கு நல்ல காலம்தான். மூடா, பெடு அணைகள் கட்டி, உலக வங்கிக் கடனில் வாய்க்கால் வெட்டி, 1970-ல் இருந்து இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். ஏறக்குறைய 96,000 ஹெக்டேர். ஒரு போகம் இரண்டானதும் நடவு இரண்டு முறை, அறுப்பு இரண்டு முறை. உள்ளூர் ஆள் போதாமல் கிளந்தானில் இருந்தும் தாய்லாந்தின் தெற்கில் இருந்தும் அறுப்புக்கு ஆட்கள் வந்தார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட இல்லாத புருஷனும் பெண்டாட்டியும் அந்தச் சில வருஷம் கடன் இல்லாமல் சாப்பிட்டார்கள். பெண்கள் கூட்டமாக நாற்று நடுவார்கள், கதிர் அறுப்பார்கள். ஆண்கள் வயலிலேயே மரத்தொட்டி வைத்து நெல் அடிப்பார்கள். அறுப்புக்கு நில அளவைப் பார்த்துக் கூலி, அடிப்புக்கு மூட்டைக் கணக்கு.

அதே இரண்டு போகம்தான் பிறகு அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. முதல் போகம் அறுத்து முடித்ததும் சில வாரங்களில் அடுத்ததற்கு உழுதாக வேண்டும். கதிர் முற்றி நிற்கும், மழை வரும், ஆள் வராது. அந்த நேரத்தில், 1970-களின் நடுவில், கூட்டு அறுவடை இயந்திரம் வந்தது. அறுப்பதும் அடிப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். ஆட்கள் கையால் அறுத்து அடிக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இயந்திர வாடகை ஒன்றும் பெரிய மலிவு இல்லை. வயல்காரரை இழுத்தது அதன் வேகம்தான். ஒரு குடும்பம் நாள்கணக்கில் செய்கிற வேலை காலைத் தேநீருக்குள் முடிந்துவிடுகிறது. விலை லட்சத்துக்கு மேல் என்பதால் சிறு விவசாயி யாரும் அதை வாங்க முடியாது. பெரும்பாலும் பட்டணத்து வியாபாரிகள் கூட்டாக வாங்கி வாடகைக்கு விட்டார்கள். 1980 வாக்கில் அந்தச் சமவெளி நெல்லில் பெரும்பகுதியை இயந்திரமே அறுத்தது. ஐந்து வருஷம்கூட ஆகவில்லை.

"முன்னே வயல் ஓரத்தில் மூட்டை தைக்கவே ஆள் நிற்கும், இப்போது என்னோடு பேசக்கூட ஆள் இல்லை" என்று அப்பா ஒரு நாள் வீட்டில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கூலி போனது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். இனிச் சொல்வது எந்தக் கணக்கிலும் வராதது. கையால் அடித்தால் வைக்கோலில் கொஞ்சம் நெல் தங்கும். ஏழைப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து அந்த வைக்கோலைத் திரும்பத் தட்டி எடுத்துக்கொள்வார்கள். ஒரு போகத்தில் சில மூட்டை சேரும், வீட்டுக்கு மாதக்கணக்கில் சோறு. இயந்திரம் வைக்கோலை வயல் முழுக்க இறைத்துவிட்டுப் போய்விடுகிறது. பொறுக்க எதுவும் இல்லை. அடுத்தது இஸ்லாமியக் கொடையான ஜகாத். அங்கே மலாய் விவசாயிகள், தன் வயலில் அறுத்து அடித்தவருக்குக் கூலி போக ஜகாத் என்று கொஞ்சம் நெல் அளந்து கொடுப்பது வழக்கம். அறுத்தவர் இல்லை என்றால் அந்த நெல் யாருக்கு? யாரும் அதை ரத்து செய்யவில்லை, தானாகவே நின்றது. அடுத்த போகத்தில் ஆள் வேண்டுமே என்பதற்காக வயல்காரர் கொடுத்துவந்த முன்பணமும் விருந்துக்கு அழைப்பும் அதே வழியில் தேய்ந்தன.

எனக்கு இதுதான் உங்கள் கேள்விக்கு மையமான பதில். கூலி வாங்கியவர் வறுமையில் இருந்தாலும் அவர் தேவைப்பட்டார். அந்தத் தேவையை வைத்துத்தான் அவர் பேரம் பேசினார், கடன் கேட்டார், தலை நிமிர்ந்து பந்தியில் உட்கார்ந்தார். தோட்டத்தில் வளர்ந்த என் அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த தோட்டங்களில் முன்பு போல ஆள் வேண்டியதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

நிலத்தின் கதையும் இதோடு ஒட்டியதே. முன்பு குத்தகையை அறுப்புக்குப் பிறகு கொடுப்பார்கள். விளைச்சல் கெட்டால் நிலக்காரரிடம் போய்க் கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு போகம் வந்து லாபம் தெரிந்ததும், குத்தகையை ரொக்கமாக, அதுவும் விதைக்கும் முன்பே கேட்டார்கள். கையில் பணம் இல்லாதவன் வெளியே. பல போகங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டி நிலம் எடுக்கிற 'பஜாக்' முறையில் இயந்திரம் வைத்திருந்த வெளியூர் வியாபாரிகளே ஏழைகளை முந்தினார்கள். உழவும் அறுப்பும் இயந்திரத்தில் முடியும் என்றதும், சில நிலக்காரர்கள் குத்தகைதாரரை விட்டுவிட்டு மகனிடமே நிலத்தைக் கொடுத்தார்கள். நேற்றுவரை குத்தகைதாரர், இன்று கூலி. கூலி வேலையும் இல்லாத நேரத்தில்.

எதிர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். 1978 முதல் 1980 வரை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் அங்கே ஒரு கிராமத்தில் தங்கிப் பார்த்து எழுதியதில் இது விரிவாக இருக்கிறது. இயந்திரம் கூப்பிட்டவர் வயலில் நடவு செய்ய மாட்டோம் என்று பெண்கள் கூடிப் பேசினார்கள், வேலைக்கு இழுத்தடித்தார்கள். ஆனால் வெளியூரில் இருந்து ஆள் கூட்டிவருவேன் என்று வயல்காரர் சொன்னதும் அது உடைந்தது. இரவில் இயந்திரத்துக்குள் கம்பியும் கல்லும் போட்ட சம்பவங்களும் உண்டு. சில நாள் நின்றது, பழுது பார்த்தார்கள், திரும்ப ஓடியது. நடவு மட்டுமாவது மிஞ்சியிருந்தது. 1980-களில் நேரடி விதைப்பு பரவியதும் அதுவும் குறைந்தது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யாரும் பட்டினியால் சாகவில்லை. மொத்த வருமானமும் ஏறியது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ல் திறந்ததும் கெடாக் கிராமங்களின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். அந்தத் தொழிற்சாலைகள் இல்லாமல் வெறும் இயந்திரம் மட்டும் வந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் அங்கே தேடியது இருபது வயது விரல்களை. நாற்பத்தைந்து வயதில் நெல் அடித்தே பழகிய கைகளுக்கு அங்கே இடம் இல்லை. மகள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து அவர்கள் கிராமத்திலேயே இருந்தார்கள்.

உங்கள் ஊரில் இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க, விளைச்சலைக் கேட்காதீர்கள். குத்தகைப் பணம் அறுப்புக்கு முன்பா பின்பா, வெளியூர் ஆட்கள் அறுப்புக்கு இன்னும் வருகிறார்களா, அறுத்த வயலில் யாராவது குனிந்து கதிர் பொறுக்குகிறார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் மாறிவிட்டிருந்தால், மூட்டைகளின் எண்ணிக்கை என்ன சொன்னாலும் சரி, நிலமில்லாதவர் ஏற்கெனவே வயலுக்கு வெளியே நிற்கிறார்.