எஃப்டியை உடைத்து மச்சானுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா கணவரான மச்சான் 3 லட்சம் கடன் கேட்கிறார். என்னிடம் 7% வட்டியில் 4 லட்சம் எஃப்டி இருக்கிறது. உடைக்கவா?

உடைக்காதீர்கள். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி குறையும், பெரும்பாலும் அபராதமும் உண்டு. அதே எஃப்டியின் மேல் வங்கியில் கடன் வாங்கிக் கொடுங்கள். பொதுவாக எஃப்டி வட்டியைவிட 1 அல்லது 2% கூடுதலாக இருக்கும். 8% என்றால் 3 லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய். அதை மச்சானே கட்டட்டும். சொந்தக்காரரிடம் வட்டி கேட்கக் கூச்சமாக இருக்கும். இதில் கேட்பது வங்கிதானே! ஆனால் அவர் கட்டாவிட்டால் வங்கி உங்கள் எஃப்டியில்தான் கை வைக்கும். முழுதும் போனால் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

பணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வருமான வரிச் சட்டப்படி கூடாது. அப்புறம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு புரோநோட்டு. அக்காவும் பக்கத்தில் இருக்கும்போது எழுதுங்கள். பிறகு “எனக்குத் தெரியாதே” என்ற பேச்சு வராது. புரோநோட்டுக்கு ஆயுள் எழுதிய நாளிலிருந்து 3 வருடம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம்.