பில் போட்டாச்சு, பணம் வரவில்லை: எப்படிக் கேட்பது?

கேள்வி: கோவையில் பேக்கேஜிங் டிசைன் செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன், உத்யம் பதிவு உண்டு. ஒரு உணவுப்பொருள் கம்பெனி மார்ச் 5 அன்று வேலையை மெயிலில் ஓகே செய்தது. பில் 1,80,000 ரூபாய், ஆர்டரில் 30 நாள் தவணை. இப்போது ஜூன். போன் செய்தால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் போனை நிறுத்துங்கள். "அடுத்த வாரம்" என்று போனில் சொன்னதை நாளை யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அதையே மெயிலில் எழுத வைத்தால், கடனை அவர்களே ஒப்புக்கொண்டதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

முதல் மெயிலில் குறை எதுவும் வேண்டாம். பில்லையும் அவர்களுடைய ஓகே மெயிலையும் இணைத்து, "ஏப்ரல் 4-ல் வரவேண்டிய 1,80,000 ரூபாய் நிலுவையில் உள்ளது. எந்தத் தேதியில் வரும் என்று தெரிவிக்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். தேதி சொல்லிப் பதில் எழுதினாலே தொகையை ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

பத்து நாளில் பதில் இல்லையென்றால் இரண்டாவது மெயில். இது வேலை கொடுத்த மேலாளருக்கு மட்டும் போனால் போதாது, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் போக வேண்டும். உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு, குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத் தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் தர வேண்டும் என்ற 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டத்தின் 15-வது பிரிவை நினைவூட்டுங்கள். கெடு தாண்டினால், பணம் தரும் ஆண்டு வரை அந்தச் செலவை அந்தக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் இந்த ஒரு வரியே வேலை செய்யும். மேலாளர் அசையாவிட்டாலும் அவர்களுடைய ஆடிட்டர் அசைவார்.

அதற்கும் அசையாவிட்டால் மூன்றாவது கடிதம், ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும். 15 நாள் கெடு கொடுத்து, வட்டியைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 16-வது பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு, மாதக் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 6 என்று வைத்துக்கொண்டால் மாதம் ஒன்றரை சதவீதம், இரண்டு மாதத்துக்குச் சுமார் 5,440 ரூபாய். கெடுவுக்குள் அசலைத் தந்தால் வட்டியைக் கேட்க மாட்டேன் என்று எழுதலாம், உறவும் நிலைக்கும். போலீஸ், மோசடி என்ற வார்த்தைகள் மட்டும் வேண்டாம். இது சிவில் கடன். அப்படி மிரட்டினால் பதிலுக்கு உங்கள் மேல் புகார் வரும்.

அப்புறம், வக்கீல் நோட்டீஸ் இல்லாமலேயே அதே சட்டத்தின் 18-வது பிரிவின் கீழ், இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலில் ஆன்லைனில் மனு போடலாம். ஒன்றைச் சரிபாருங்கள்: வேலையை ஒப்படைத்த பிறகுதான் உத்யம் பதிவு எடுத்தீர்கள் என்றால், அந்த பில்லுக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்காமல் போகலாம். 2021-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அப்போது சாதாரண சிவில் வழக்குதான், ஏப்ரல் 4-ல் இருந்து மூன்று ஆண்டுக்குள்.

நடுவில் ஒரு லட்சம் அனுப்பி, "கணக்கு முழுதும் தீர்ந்தது" என்று கையெழுத்துக் கேட்பார்கள். "பகுதித் தொகை பெற்றேன், மீதி 80,000 நிலுவை" என்று எழுதிக் கொடுங்கள்.