பழைய மாணவரை வெளியே அனுப்புங்கள்

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வங்கிக்குப் பணிவாக ஒரு புகார்க் கடிதம் எழுதுகிறார். அதன் விளைவு எல்லாரையும் வியக்க வைக்கிறது. இதுதான் என் சிறுகதை. வங்கியின் உயர் அதிகாரி அவருடைய பழைய மாணவர் என்று கடைசியில் தெரியவருகிறது. படித்தவர்கள் எல்லாரும் "பாதியிலேயே தெரிந்துவிட்டது" என்கிறார்கள். முடிவை எப்படி மாற்றுவது?

பதில்: முடிவைத் தொடும் முன் கடிதத்தை மாற்றுங்கள். அதிகாரி பழைய மாணவர் என்றால், டீச்சர் வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருந்தாலும் காரியம் நடந்திருக்கும். அப்புறம் துல்லியம் எதற்கு, பணிவு எதற்கு? கடிதத்தை எடுத்துவிட்டால் கதை விழ வேண்டும். உங்கள் கதை விழவில்லை, அதுதான் கோளாறு.

கதைகளைத் திருத்த வருவதற்கு முன் ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அங்கே கடிதத்தைப் பிரிப்பவர் உயர் அதிகாரி இல்லை. இத்தனை புகாரை இன்றைக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவோடு உட்கார்ந்திருக்கும் இளநிலை ஊழியர். அவர் கண் தேடுவது கோப்பை மூடும் வழியை. தவறாகக் கட்டணம் பிடித்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதினால், தொகை சிறிதாக இருக்கும் பட்சத்தில், 'நல்லெண்ண அடிப்படையில்' திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காரணம் தேடிக்கொண்டிருப்பதைவிட அது சுலபம். திட்டி எழுதினால் இன்னும் சுலபம். திட்டுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு பதில் போகும், கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தாலே அதிகம்.

ஆகவே டீச்சரின் கடிதம், பணத்தைக் கொடுத்தும் மூட முடியாத கடிதமாக இருக்க வேண்டும். அதற்கு வழி, பணத்தோடு ஒரு கேள்வியையும் கேட்பது. உதாரணத்துக்கு ஒன்று எழுதிப் பார்க்கிறேன். உங்கள் டீச்சர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அதே அமைப்பு: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பிறகு இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று என் கணக்கில் நான்கு முறை கட்டணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாள்கள்: 2023 ஏப்ரல் 30, 2023 டிசம்பர் 31, 2024 மார்ச் 31, 2024 ஜூன் 30. நான்கும் மாதத்தின் கடைசி நாள். நான்கும் ஞாயிற்றுக்கிழமை. 2023 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை வேறெந்த மாதக் கடைசியும் ஞாயிறு இல்லை, வேறெந்த மாதமும் கட்டணம் இல்லை. பாஸ்புக் பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். தொகையைத் திருப்பித் தருவதற்கு முன், இந்த நான்கு நாள்களுக்கும் பொதுவான காரணம் என்ன என்று எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

கதையின் விசை 'தருவதற்கு முன்' என்ற சொற்களில் இருக்கிறது. காரணம் எழுதாமல் பணத்தை மட்டும் கொடுத்தால் புகார் தீர்ந்ததாகாது. அந்த இளநிலை ஊழியருக்குக் காரணம் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது, ஒழுங்கு மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. நான்கு விடைத்தாள்களில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அதற்கு மூலம் ஒன்றுதான் என்பது விடைத்தாள் திருத்தியவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தொழில் கதைக்குள் வர வேண்டிய இடம் இதுதான். வங்கியின் பதில் கடிதத்தைச் சிவப்பு மையால் அவர் திருத்துவது போல ஒரு காட்சி வைக்க ஆசை வரும். வேண்டாம், எல்லாரும் அதைத்தான் வைப்பார்கள்.

இனி உண்மைக் காரணம். வாசகருக்கு முழுதும் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வூதியம் மாதத்தின் கடைசி நாளில் கணக்கில் ஏறுகிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில்தான் ஏறும். குறைந்தபட்ச இருப்பைச் சரிபார்க்கும் கணினி நிரலோ மாதத்தின் கடைசி நாள் இரவில் ஓடும், அதற்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். மாதம் முழுதும் செலவழித்துக் கணக்கு வற்றிக் கிடக்கும் அந்த ஓர் இரவில் அது வந்து பார்த்துக் கட்டணத்தைப் பிடித்துவிடுகிறது. அடுத்த வேலை நாளில் ஓய்வூதியம் வருகிறது. வரவு விடுமுறையை மதிக்கிறது, சோதனை மதிக்கவில்லை. யாரும் கெட்டவர் இல்லை என்பது இந்தக் கதைக்குப் பெரிய லாபம்.

இங்கே ஓர் ஓட்டை உண்டு. "அன்று இருப்பு குறைவுதானே, விதி விதிதான்" என்று வங்கி சொல்லிவிடலாம். அந்தக் கதவை முன்கூட்டியே சாத்துங்கள். விடுமுறையால் வரவு தள்ளிப்போனால் வாடிக்கையாளரிடம் கட்டணம் பிடிக்கப்படாது என்று உங்கள் கற்பனை வங்கியின் விதிப் புத்தகத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். 'பார்வை' என்ற இடத்தில் டீச்சர் அந்த விதியின் எண்ணை மட்டும் குறித்திருப்பார். மேற்கோளும் வேண்டாம், வாதமும் வேண்டாம். பணிவு என்று நான் சொல்வது இதைத்தான். தெரிந்ததை எல்லாம் அடுத்தவர் முகத்தில் அடிக்காமல், அவரே எடுத்துப் பார்க்க விட்டுவைப்பது. 'ஐயா', 'தாழ்மையுடன்' என்பவற்றை நீக்கிப் பாருங்கள், கடிதத்தின் வேகம் குறையக் கூடாது.

விளைவுக்கு வருவோம். கடிதம் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகிறது. அங்கே ஒருவர் அந்த நான்கு இரவுகளிலும் கட்டணம் பிடிக்கப்பட்டு, அடுத்த வேலை நாளில் வரவு வந்த கணக்குகளை எல்லாம் பட்டியல் எடுக்கிறார். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதுவரை நடந்தது தெரியாத பிழை. காரணத்தை ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்த பிறகும் மற்றவர்கள் பணத்தை வைத்துக்கொண்டால், அது தெரிந்தே வைத்துக்கொண்டதாகிவிடும். தணிக்கையில் அந்தக் கோப்பு நிச்சயம் மாட்டும். அதனால் எல்லாருக்கும் திருப்பித் தருகிறார்கள். கருணையோ குற்ற உணர்வோ தேவைப்படவில்லை.

"இதற்கெல்லாம் போய் எழுதுவார்களா அம்மா" என்று சிரித்த மகன் வியப்பான். சண்டைக்கு வருவார் என்று காத்திருந்த கிளை மேலாளர் வியப்பார். ஒரு காரணத்தை மட்டும் கேட்ட டீச்சரும் வியக்க வேண்டும், அவர் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பியவராக இருந்தால் கதை பிரசங்கமாகிவிடும். வெற்றியை மேலாளர் வந்து அறிவிக்க வேண்டாம். பாஸ்புக் பதிக்கும் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், தன் புத்தகத்தில் புதிதாக நான்கு வரவுகள் பதிந்திருப்பதைப் பார்த்து, பின்னால் நிற்கும் டீச்சரிடமே "இது என்னம்மா, புரியவில்லையே" என்று நீட்டட்டும். தேதிகளை அவர் படித்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடலாம்.

இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்துவிட்டதாக எழுதாதீர்கள். இப்படிப் பட்டியல் எடுத்து ஒப்புதல் வாங்க மாதங்கள் ஆகும். இடையில் வரும் "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது" என்ற அச்சடித்த பதில்களுக்கும் டீச்சர் நன்றி தெரிவித்து எழுதட்டும், ஒவ்வொன்றிலும் கேள்வியை ஒரே வரியில் மறுபடி கேட்கட்டும். கதையின் நகைச்சுவை அங்கே தானாக வரும்.

தேதிகளில் மட்டும் கவனம். கதை நடக்கும் இடத்தில் சனிக்கிழமையும் வங்கி விடுமுறை என்றால், 2023 செப்டம்பர் 30 ஐந்தாவதாகச் சேர்ந்துகொள்ளும். அப்போது கடிதத்தின் 'ஞாயிறு', 'நான்கு' இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.