பன்னிரண்டு மாக்கப், ஒரே மரம்: டி-சர்ட் பிரிண்ட் கேள்வி பதில்

கேள்வி: மரம் நடும் குழுவுக்கு டி-சர்ட் போடுகிறோம். வட்டத்துக்குள் ஒரு ஆலமரம், அதன் கீழே ‘மரம் நடுவோம்’ என்று ஒரு வரி. வெள்ளை, கறுப்பு, கரும்பச்சை, நூல் கலந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் சாம்பல் மெலாஞ்ச் என்று நாலு நிறம்; இடது மார்பு, நடு மார்பு, முதுகு என்று மூன்று இடம். சட்டை எப்படி வரும் என்று காட்டும் மாதிரிப் படம், அதாவது மாக்கப், பன்னிரண்டு போட்டுக் குழுவில் காட்டினால் ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது?

பன்னிரண்டையும் ஒன்றாகப் பரப்பி வைத்தால் அப்படித்தான் நடக்கும். எது அழகான படம் என்று பார்த்துவிட்டு எது நல்ல சட்டை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நிறத்தையும் இடத்தையும் பிரித்துவிடுங்கள். முதலில் பிரிண்டை நடு மார்பிலேயே வைத்து நாலு நிறத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அதில் இரண்டு தேறினால், அந்த இரண்டுக்கு மட்டும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

அதற்கு முன்னால் அளவைச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நடு மார்பு மாக்கப்பில் அக்குளிலிருந்து அக்குள் வரை 675 பிக்சல். நீங்கள் சொன்ன எல் சைஸ் சட்டையைத் தரையில் விரித்து அளந்தால் அதே இடம் 54 செ.மீ. அப்படியென்றால் ஒரு செ.மீ.க்கு 12.5 பிக்சல். பிரிண்டுக்கு நீங்கள் கேட்டிருப்பது 28 செ.மீ. அகலம், படத்தில் அது 350 பிக்சல் இருக்க வேண்டும். ஆனால் படத்தில் 430 பிக்சல் இருக்கிறது, அதாவது 34 செ.மீ.க்கு மேல். யாரோ கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று மூலையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். குழுவில் பாதிப் பேருக்குப் பிடித்தது அந்த இழுத்த மரம்தான். அந்த அளவில் சட்டை வரப்போவதே இல்லை.

நாலு நிறத்துக்கும் ஒரே சட்டைப் படத்தைப் பயன்படுத்துங்கள். உங்கள் வெள்ளைச் சட்டை ஆள் மேல் இருக்கிறது, கறுப்புச் சட்டை மேசையில் விரித்துக் கிடக்கிறது. ஆள் போட்டிருப்பது எப்போதும் ஒரு படி அழகாகத்தான் தெரியும்.

கேள்வி: கறுப்பில் வெள்ளைதான் எப்பவுமே பளிச். அதையே எடுத்துக்கிட்டா இந்த ஆராய்ச்சியே வேண்டாமே?

எழுத்தைப் படிக்கும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆளைக் கண்டுபிடிப்பது ஒன்று, எழுத்தைப் படிப்பது வேறொன்று. இவர்கள் மரம் நடுபவர்கள். செடிகொடிக்கு நடுவே நிழலில் கறுப்புச் சட்டை, கரும்பச்சைச் சட்டை இரண்டுமே பின்னணியோடு ஒட்டிப்போகும். வெள்ளை எழுத்து மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும். கூட்டத்தில் தன்னார்வலரைத் தேடிக் கண்டுபிடிக்கணும் என்றால் சட்டையின் நிறமே பேச வேண்டும். வெள்ளையோ வெளிர் மஞ்சளோ அதைச் செய்யும். மஞ்சள் உங்கள் பட்டியலிலேயே இல்லை, யோசித்துப் பாருங்கள்.

கையில் தொட்டால் இன்னொன்று தெரியும். கறுப்புத் துணியில் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் கலந்த மையால் ஒரு தடவை வெள்ளை அடித்தால் சாம்பலாகத்தான் நிற்கும். ஒரு கோட் அடித்து, சூட்டில் லேசாக உலர்த்தி, அதன்மேல் இன்னொரு கோட் அடித்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். இரண்டு கோட் என்றால் தடிமனும் கூடும். வெள்ளைச் சட்டையில் கரும்பச்சை மரத்துக்கு ஒரு கோட்டே போதும். மாக்கப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வெயிலில் குழி தோண்டுகிறவருக்குத்தான் வித்தியாசம் புரியும்.

கேள்வி: யாரோ சொன்னார்கள் என்று படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். பச்சைச் சட்டையில் சிவப்பு எழுத்து காணாமலே போய்விட்டது. கலரில் நன்றாகத்தானே தெரிகிறது? எதை நம்புவது?

கறுப்பு வெள்ளையை நம்புங்கள், ஆனால் அதை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் பாருங்கள். தூரத்திலிருந்து எழுத்தின் ஓரத்தைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரும் புதிருமாக இருந்தாலும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். அப்போது கிட்டத்தில் எழுத்து துடிப்பதுபோல் தெரியும், பத்து மீட்டரில் ஒரு கறையாகிவிடும். அந்தி சாயும்போது சிவப்புதான் முதலில் இருண்டுபோகும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களில் சிலருக்குச் சிவப்பு பகலிலும் அப்படித்தான்.

இப்போது மாற்றும் முறைக்கு வருவோம். கிம்ப் மென்பொருளில் `Colors > Desaturate > Desaturate` போனால் பல முறைகள் இருக்கும். `Luminance` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் கண் உணரும் வெளிச்சத்துக்குக் கிட்ட வருவது. `Lightness (HSL)` எடுத்தால் சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். உண்மையில் அந்தப் பச்சை சிவப்பைவிட எவ்வளவோ பளிச். நல்ல ஜோடியைத் தப்பாகத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். நானே ஒரு தடவை அப்படி ஒரு மஞ்சள்-நீல டிசைனைக் கழித்துவிட்டேன். பிறகு வேறொருவர் அதே ஜோடியை அச்சடித்துப் போட்டுக்கொண்டு எதிரில் வந்தபோது தெருக்கோடியிலிருந்தே படிக்க முடிந்தது.

`Luminance` முறையிலும் எழுத்து மறைந்தால் சிவப்பைச் சுற்றி 2 மி.மீ. வெள்ளை விளிம்பு கொடுங்கள், இல்லையென்றால் சிவப்பை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாக்கப்பில் இடது மார்பு ரொம்ப நாகரிகமாக இருக்கிறது. டிசைனை அப்படியே சிறியதாக்கி அங்கே வைத்துவிடலாமா?

மரத்தை வைக்கலாம், எழுத்தை வைக்காதீர்கள். 28 செ.மீ. அகலத்தில் உங்கள் எழுத்தின் உயரம் 2.5 செ.மீ. இடது மார்பில் 9 செ.மீ.க்குச் சுருக்கினால் எழுத்து 8 மி.மீ. ஆகிவிடும். பெயர்ப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: நிதானமாகப் படிக்க 3 மீட்டருக்கு 2.5 செ.மீ. உயர எழுத்து. அதன்படி 8 மி.மீ. எழுத்தை ஒரு மீட்டரில் நின்றுதான் படிக்கலாம். அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் இருப்பதால் இன்னும் கிட்டப் போக வேண்டியிருக்கும்.

உங்கள் ‘ம்’ மேல் உள்ள புள்ளி பெரிய அளவில் 3 மி.மீ.; சுருக்கினால் 1 மி.மீ. திரையில் அது கூர்மையாக நிற்கும், துணியில் மை லேசாகப் பரவும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் சில சட்டைகளில் விழவே விழாது. ‘மரம’ என்று போட்டுக்கொண்டு திரிய யாருக்கு ஆசை?

கேள்வி: நான் எக்ஸ்எஸ் போடும் பெண். 28 செ.மீ. நடு மார்பு பிரிண்ட் மாக்கப்பில் கம்பீரமாக இருக்கிறது, என்மேல் எப்படி இருக்கும்?

ஒரே அச்சு ஸ்கிரீனில் எல்லா சைஸையும் அடித்துவிடுவதுதான் வழக்கம். எக்ஸ்எஸ் சட்டையின் அகலம் சுமார் 45 செ.மீ. தான். 28 செ.மீ. பிரிண்டின் ஓரங்கள் கை இணையும் வளைவை நோக்கிப் போய்விடும். அறுபது செ.மீ. அகலமுள்ள பெரிய சைஸில் அதே பிரிண்ட் அளவாக உட்காரும். உங்கள் விஷயத்தில் எனக்கு அதைவிடக் கவலை மரத்தின் கீழே வரும் எழுத்துதான். அது மார்புக்குக் கீழே துணி உள்வாங்கும் இடத்தில் விழும். நேரே நின்றால் நிழலில் கிடக்கும், உட்கார்ந்தால் மடிப்புக்குள் போய்விடும்.

இதற்கு மாக்கப் உதவாது, காகிதம் உதவும். டிசைனை உண்மை அளவில் இரண்டு ஏ4 தாளில் அச்சடித்து ஒட்டி, வெட்டி, உங்கள் பழைய சட்டையில் டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். மேல் விளிம்பு காலரிலிருந்து நாலு விரல் கீழே இருக்கட்டும். பிறகு உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், தோளில் பை மாட்டுங்கள். காகிதம் எங்கே மடங்குகிறதோ அங்கேதான் பிரிண்டும் மடங்கும். 24 செ.மீ. துண்டு ஒன்றையும் ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அனேகமாக அது போதும்.

அப்புறம், அந்த வட்டம். உள்ளே முழுக்க மை நிரப்பி மரத்தை வெட்டவெளியாக விட்டிருக்கிறீர்கள். அது நெஞ்சில் பிளாஸ்டிக் தட்டு கட்டிய மாதிரி. வியர்வை அதன் பின்னால் நிற்கும். மாற்றிப் போடுங்கள்: மரத்துக்கு மை, வட்டத்துக்கு வெறும் கோடு, மீதி துணி.

கேள்வி: எங்கள் அணிக்குச் சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண் போட்டோம். மாக்கப்பில் தூய வெள்ளை. வந்தபோதும் வெள்ளைதான், நாலு நாளில் ரோஸ் ஆகிவிட்டது. மாக்கப் பொய்யா?

மாக்கப்பின் மேல் தப்பில்லை. பாலியஸ்டரில் உள்ள சாயம் சூடு பட்டால் ஆவியாகி மைக்குள் ஏறும். மையைக் காய வைக்கும் சூடே அதற்குப் போதும், சிவப்புத் துணி இதில் பேர்போனது. வந்த அன்று தெரியாமல் நாலு நாள் கழித்துத் தெரிந்ததே, அதுதான் அடையாளம். அடுத்த தடவை, சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சும் குறைந்த சூட்டில் காயும் மையும் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு சாம்பிள் வாங்கி ஒரு வாரம் அப்படியே வையுங்கள். பருத்திச் சட்டை போடுபவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: துவைத்தால் நிறம் போகுமா என்று மாக்கப்பில் எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது. அதற்குச் சாம்பிள் சட்டைதான்.

கேள்வி: முதுகைத் தள்ளிவிடாதீர்கள். நான் பத்து வருடமாக விழாக்களில் வேலை செய்கிறேன். ஆளைப் பின்னாலிருந்துதான் கூப்பிடுகிறார்கள். முன்பக்கம் பிரிண்டே வேண்டாம் என்பேன்.

குனிந்து வேலை செய்பவர்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். குழி தோண்டும்போது தெரிவது முதுகுதான், முதுகில் துணியும் மடங்காமல் விரிந்து நிற்கும். ஆனால் முதுகுப்பை மாட்டினால் எல்லாம் மறைந்துவிடும், நீளக் கூந்தலும் மேல் முதுகை மறைக்கும். முன்பக்கம் வெறுமையாக இருந்தால் எதிரில் வருபவருக்கு இவர் யார் என்று தெரியாது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போவோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி (முதலில் கேட்டவர்): கறுப்பையும் கரும்பச்சையையும் எடுத்துவிட்டோம். இடது மார்பில் மரம் மட்டும், முதுகில் எழுத்து. இப்போது வெள்ளையா மெலாஞ்சா என்று சண்டை. மெலாஞ்சில் பிரிண்ட் துணியோடு கலந்த மாதிரி அழகாக இருக்கிறது.

அந்தக் கலப்பு அநேகமாக மாக்கப் செய்தவர் டிசைன் அடுக்கை, கீழே உள்ள துணிப் படத்தோடு கலந்து காட்டும் `Multiply` முறையில் வைத்ததால் வந்தது. துணியின் நூல் புள்ளிகள் மைக்குள்ளும் தெரிகின்றன அல்லவா? துணியில் ஊறும் தண்ணீர் மையில் ஓரளவு அப்படி வரும். பிளாஸ்டிசாலில் மை மேலே உட்கார்ந்து புள்ளிகளை மூடிவிடும். `Normal` முறைக்கு மாற்றி மறுபடி வைத்துப் பாருங்கள், சண்டை அங்கேயே பாதி தீரலாம்.

மீதிக்கு, எழுத்தைக் காகிதத்தில் அச்சடித்து இரண்டு பேர் முதுகில் ஒட்டுங்கள், ஒருவர் வெள்ளையில், ஒருவர் மெலாஞ்சில். நடும் இடத்திலேயே இருபது அடி தள்ளி நின்று போன் கேமராவில் ஜூம் இல்லாமல் எடுங்கள். காகிதத்தின் வெள்ளை தெரியாமல் எழுத்தை ஒட்ட வெட்டுங்கள், இல்லையென்றால் மெலாஞ்ச் மேல் வெள்ளைப் பட்டை வந்து ஏமாற்றும். வெள்ளையில் மண் கறை பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அதை நடுபவர்களே சொல்லட்டும்.