ஹுட்ஸ்பா என்றால் பாராட்டா, திட்டா?

"அண்ணே, நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, ஜெர்சி சிட்டியில் தங்கியிருக்கிறேன். வைஸ் பிரசிடென்ட் போட்ட அட்டவணையை மீட்டிங்கில் 'இது நடக்காது' என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே 'தட் டுக் ஹுட்ஸ்பா' என்றார். மறுநாள் இன்னொருவர் 'ஹி ஹேட் த ஹுட்ஸ்பா டு...' என்று என்னைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது. இது திட்டா, பாராட்டா? ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஃபார் ராக்கவேயில் உள்ள தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். 'இட்ஸ் எ ஷ்லெப்' என்றும் சொன்னார். வர வேண்டாம் என்கிறாரா? குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது, கிரெடிட் கார்டு எப்படி எடுப்பது என்றும் சொல்லுங்கள்."

தம்பி, ஜாக்கெட்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள், அதைக் கேட்டு அவர்களைச் சந்தோஷப்படுத்துங்கள். காதில் விழுந்த அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே, அதுதான் இந்த ஊரில் பிழைக்கிற காது. நம் ஆட்களில் பாதிப் பேர் இருபது வருஷம் ஆன பிறகும் 'சுட்ஸ்பா' என்று 'ச' போட்டுச் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து நடப்பார்கள்.

உச்சரிப்பிலிருந்தே வருகிறேன். சி-எச் என்று எழுதினாலும் அங்கே சகரம் கிடையாது. 'அஃது' என்று சொல்லும்போது தொண்டையில் ஓர் உரசல் வருமே, அந்த ஆய்தம்தான் இந்தச் சொல் வந்த யிடிஷ் மொழியின் ஒலிக்குப் பக்கத்தில் நிற்பது. அமெரிக்கர்கள் அதையும் தேய்த்து 'ஹ' ஆக்கிவிட்டார்கள். 'ஹுட்ஸ்பா'வில் அழுத்தம் முதலில், 'ஹு' குறில். 2011-இல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஒருவரே தொலைக்காட்சியில் 'சூட்ஸ்பா' மாதிரி சொல்லி ஊர் சிரிக்க வைத்தார். ஆகவே வாயில் வராவிட்டால் அது பாவமில்லை. வராத சொல்லை மீட்டிங்கில் எடுத்து வீசாமல் இருந்தால் போதும்.

இனி பொருள். யிடிஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழி. உடம்பு ஜெர்மன், நடுநடுவே ஹீப்ருவும் ஸ்லாவிய மொழிகளும். எழுத்து ஹீப்ரு எழுத்து. 1880களிலிருந்து 1924-இல் குடியேற்றக் கதவைச் சாத்தும் வரை லட்சக்கணக்கான யூதர்கள் இங்கே வந்து இறங்கியபோது இந்தச் சொற்களும் கூடவே இறங்கின. ஹுட்ஸ்பா அவர்களுக்கு ஹீப்ருவிலிருந்து வந்தது. அவர்கள் வீட்டில் அது வசவு. நம் ஊரில் "என்ன கொழுப்பு இருந்தா இப்படிக் கேப்பே?" என்கிறோமே, அந்தக் கொழுப்பு. அப்பா அம்மாவைக் கொன்றவன் நீதிமன்றத்தில் "நான் அனாதை, இரக்கம் காட்டுங்கள்" என்று கேட்டால் அதுதான் ஹுட்ஸ்பா என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. இதில் பாராட்டு எங்கே இருக்கிறது?

அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த பிறகு சொல்லின் ஒரு பாதி நெஞ்சுரமாக மாறியது. தனி ஆளாகக் கடை வைத்துப் பெரிய கம்பெனியோடு மோதுகிறவனை மெச்சிச் சொல்லவும் இதுதான் வரும். பழைய பாதியும் சாகவில்லை. 1998-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா, தேசியக் கலை நிதி அமைப்பு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் இந்தச் சொல்லை எழுதினார். கலைக்கு மட்டும் பணம் கொடுக்கவே சட்டப்படி அமைந்த அமைப்பு, அரசு ஒரு பக்கம் சாயக் கூடாது என்று வாதாடுவதற்குத் தனி ஹுட்ஸ்பா வேண்டும் என்பது அவர் குத்தல். அது திட்டு, சந்தேகமே வேண்டாம்.

திட்டா பாராட்டா என்று எப்படிப் பிரிப்பது? சொல்லை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் வாக்கியத்தைப் பாருங்கள். 'யூ ஹேவ் காட் ஹுட்ஸ்பா' என்று ஆளிடமே நேராகச் சொன்னால் பெரும்பாலும் மெச்சுதல். உங்கள் மேனேஜரின் 'தட் டுக் ஹுட்ஸ்பா' நடுவில் நிற்கிறது, முகம்தான் தீர்ப்பு சொல்லும். அவர் சிரித்திருக்கிறார், சாப்பிடவும் கூப்பிட்டிருக்கிறார், பாராட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'ஹேட் த ஹுட்ஸ்பா டு' என்று வந்து அதற்குப் பின்னால் நீங்கள் செய்த காரியமும் வந்தால் அநேகமாகத் திட்டுதான். "வந்து மூணு வாரம் ஆகலே, அதுக்குள்ள பெரியவர் கணக்கைத் தப்புங்கிறானே" என்பது அதன் நேர்ப்பொருள். ஒரே காரியத்தை ஒருவர் மெச்சினார், இன்னொருவர் வைதார். இரண்டாமவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. எல்லாத் துணிச்சலும் ஹுட்ஸ்பா ஆகாது. எரிகிற வீட்டுக்குள் நுழையும் தீயணைப்புக்காரருக்கு இந்தச் சொல் பொருந்தாது. ஒரு வரிசை, ஒரு மரியாதை, ஒரு விதி இருக்க வேண்டும். அதை மீறியவன் தனக்கு அந்த உரிமை பிறவியிலேயே உண்டு என்பதுபோல் நிற்க வேண்டும். "உனக்கு என்ன தைரியம்?" என்று கேட்க எதிரே ஓர் ஆள் இல்லை என்றால் அங்கே ஹுட்ஸ்பா இல்லை.

ஷ்லெப் இதைவிட எளிது. யிடிஷில் 'ஷ்லெப்பன்' என்றால் இழு. ஆங்கிலத்தில் வெறும் தூக்கலுக்கு 'கேரி', கனத்துக்கு எல்-யூ-ஜி 'லக்'. கனமோ தூரமோ இருந்து, கூடவே "இது எனக்கு எதுக்கு?" என்ற சலிப்பும் இருந்தால்தான் ஷ்லெப். பெட்டியை லிஃப்டிலிருந்து அறைக்கு உருட்டினால் ஷ்லெப் இல்லை. அதே பெட்டியோடு இரண்டு ரயில் மாறி, படிக்கட்டு ஏறி, மழையில் நாலு தெரு நடந்தால் ஷ்லெப். பெயர்ச்சொல்லாக வரும்போது நம் 'அலைச்சல்' அச்சு அசலாகப் பொருந்துகிறது. "வரலாம்தான், ஆனா ஒரே அலைச்சல்" என்கிறோம், அதுதான் 'இட்ஸ் எ ஷ்லெப்'.

ஆக, அவர் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தன் வீட்டைப் பற்றி வீட்டுக்காரரே சொன்னால் அது மன்னிப்பும் எச்சரிக்கையும் கலந்த உபசாரம். உண்மையாகவே தூரம் அது. ஏ ரயில் இந்த ஊரின் மிக நீளமான தடம், ஃபார் ராக்கவே அதன் தென்கோடி. நீங்கள் பாத் ரயிலில் வேர்ல்ட் ட்ரேட் சென்டர் வந்து அங்கே ஏ பிடிக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏறுங்கள். எல்லா ஏ ரயிலும் ராக்கவே போகாது, சில லெஃபர்ட்ஸ் பக்கம் பிரிந்துவிடும். ஏறினபின் தெரிந்தால் பாதியில் இறங்கி அடுத்ததற்காக நிற்க வேண்டியதுதான். கதவருகே நின்று "இட்ஸ் சச் எ ஷ்லெப்" என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்காரர் சொன்னால் அடக்கம், விருந்தாளி சொன்னால் புகார். "உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு" என்று வாசலில் சொன்ன மாதிரி ஆகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம்மவர்கள் கட்டாயம் விழுகிற குழி. "டெட்லைன் ஷ்மெட்லைன்" என்று ஒருவர் சொல்வார். நமக்குக் "காபி கீபி" பழக்கம், உடனே "டெட்லைன் கிட்லைன் மாதிரி விஷயங்கள்" என்று மூளை மொழிபெயர்த்துவிடும். வேலை செய்கிற விதம் ஒன்றுதான். நாம் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, குறிலாக இருந்தால் 'கி', நெடிலாக இருந்தால் 'கீ' போடுகிறோம். அவர்கள் முதல் மெய்யை எடுத்துவிட்டு 'ஷ்ம்' ஒட்டுகிறார்கள். பொருளோ தலைகீழ். நம்முடையது 'முதலியன' என்று கூட்டுவது. அவர்களுடையது அந்தப் பொருளையே மதிப்பிழக்கச் செய்வது, 'டெட்லைனாம், பெரிய டெட்லைன்' என்பது. ஆகவே மேலாளரிடம் "ரிப்போர்ட் ஷ்மிப்போர்ட் எல்லாம் அனுப்பட்டுமா?" என்று அன்பாகக் கேட்டால், அவர் கேட்ட ரிப்போர்ட் குப்பை என்று சொன்னதாக முடியும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வந்து ஆறு மாதத்தில் ஊர்க்காரன் ஆகிவிட்டதாகக் காட்ட, சிலர் வாய்க்கு வாய் 'ஷ்மக்' என்பார்கள். எனக்கு எரிச்சலே வரும். இன்றைய ஆங்கிலத்தில் அது மடையன், அற்பன் என்ற அளவுக்கு நீர்த்துப்போயிருக்கிறது. யிடிஷில் அது ஆண்குறி. யிடிஷ் கேட்டு வளர்ந்த முதியவர் பக்கத்தில் இருந்தால் அவர் காதில் பழைய பொருள்தான் விழும். 'புட்ஸ்' என்பதும் அதே ரகம். யூதரல்லாதவரையும் கறுப்பினத்தவரையும் குறிக்கிற சில யிடிஷ் சொற்களும் சுற்றுகின்றன, அவற்றில் ஒன்றிரண்டு வெறும் இழிசொல். ஆளின் இனத்தைச் சுட்டுகிற யிடிஷ் சொல் எதையும் நீங்கள் தொட வேண்டாம். அதேபோல் ஹுட்ஸ்பா என்று ஒருவர் சொன்னதாலேயே "நீங்கள் யூதரா?" என்று கேட்கவும் வேண்டாம், இங்கே ஐரிஷ்காரரும் இத்தாலியரும் இதைச் சொல்லியே வளர்கிறார்கள்.

இந்தியர்கள் இதைச் சரியாகப் பழகிக்கொண்ட ஓர் இடம் உண்டு. மன்ஹாட்டனில் 47-ஆம் தெருவின் வைரக் கடைகள். கறுப்புக் கோட்டு போட்ட யூத வியாபாரியும் குஜராத்தி வியாபாரியும் விலை படிந்ததும் கை கொடுத்து 'மஸல்' என்பார்கள். முழுதாகச் சொன்னால் 'மஸல் உன் ப்ரோக்கே', அதிர்ஷ்டமும் ஆசியும். பேப்பர் பிறகு வரும், அந்தச் சொல் விழுந்ததும் பேரம் முடிந்தது. அந்தத் தெருவில் அவர்கள் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அதன் எடை தெரிந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு உதவப்போகிற சொல் 'மென்ஷ்'. நேர்ப்பொருள் மனிதன். சொல்லும்போது "அவர் மனுஷன்யா!" என்கிற அதே தொனி, நம்பகமும் நேர்மையும் உள்ளவர் என்று அர்த்தம். நல்ல சாப்பாடு போட்டார் என்பதற்கு இது பரிசு அல்ல, செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாத நல்லதைச் செய்தவருக்குத்தான். அட்டவணை விஷயத்தில் வைஸ் பிரசிடென்ட்டிடம் அவர் உங்களுக்காக நின்று பேசியிருந்தால், அது உங்களுக்குத் தெரியவும் வந்தால், கிளம்பும்போது 'யூ ஆர் எ மென்ஷ்' என்று சொல்லலாம். இல்லையென்றால் 'தேங்க் யூ' போதும், வாசலில் அவர் "ஹவ் வாஸ் த ஷ்லெப்?" என்று கேட்டால் "நாட் பேட் அட் ஆல்".