பிடிஎஃப்பில் உள்ள வரைபடத்தை மங்காமல் எடுப்பது எப்படி?

கேள்வி: கோவையில் பம்ப் பட்டறை வைத்திருக்கிறோம். எங்கள் பழைய கேட்லாக் பிடிஎஃப்பின் 7ஆம் பக்கத்தில் உள்ள வளைகோட்டு வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பேனரில் அச்சிட்டால் மங்குகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பக்கத்தை 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் விளிம்பு கூர்மையாகவே நின்றால், அது கோடாகவே பதிவாகியிருக்கிறது, அப்படியே எடுத்துவிடலாம். சதுரம் சதுரமாகச் சிதறினால் அது வெறும் படம். அதை, கோடுகளைக் கோடாகவே வைக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்தாலும் உள்ளே அதே மங்கல் படம்தான் இருக்கும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அதன்மேல் கோடுகளைப் புதிதாக வரைவதே வழி.

கூர்மையாக இருந்தால், பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் உள்ள இந்தக் கட்டளையை டெர்மினலில் கொடுத்தால் போதும்:

```
pdftocairo -svg -f 7 -l 7 catalog.pdf curve.svg
```

இது முழுப் பக்கத்தையும் தரும். இன்க்ஸ்கேப்பில் திறந்து, `Ctrl+Shift+G` அழுத்திக் குழுவைப் பிரியுங்கள். ஒரே அழுத்தில் பிரியாது. வளைகோடு தனியாகத் தேர்வாகும்வரை அழுத்துங்கள். சுற்றியுள்ள எழுத்துகளை நீக்கி, வரைபடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து `Ctrl+Shift+R` கொடுத்தால் தாள் அதன் அளவுக்குச் சுருங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வழியில் எழுத்துகள் வடிவங்களாக மாறிவிடும். எந்தக் கணினியிலும் எழுத்துரு சிதையாது, எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ‘மீட்டர்’ என்பதை ‘அடி’ என்று மாற்ற வேண்டுமானால், அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.