பில்லை விற்றுப் பணம் வாங்குவது: கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் கணக்கு

கேள்வி: பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பினால் பணம் வர 90 நாள் ஆகிறது. பில் டிஸ்கவுண்டிங், ஃபேக்டரிங் என்கிறார்களே, எது சரிவரும்?

வட்டியைப் பார்ப்பதற்கு முன்னால், பார்ட்டி பணம் தராவிட்டால் யார் தலையில் விடியும் என்று பாருங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்களுக்கு மெஷினிங் செய்கிறேன். முதலில் வங்கியில் பில் டிஸ்கவுண்டிங் எடுத்தேன். 5 லட்சம் பில்லுக்கு 80 சதவீதம், அதாவது 4 லட்சம் கையில் வந்தது. பார்ட்டி கெடு தாண்டியும் கட்டவில்லை. வங்கி என் கணக்கிலிருந்தே 4 லட்சத்தையும் எடுத்துக்கொண்டது, அதுவும் சம்பளம் போடும் வாரத்தில். ஒப்பந்தத்தில் ‘ரிகோர்ஸ்’ என்று ஒரு வார்த்தை இருந்தால் இதுதான் அர்த்தம்: பில்லை அடகு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவே.

ஃபேக்டரிங் என்றால் பில்லையே விற்றுவிடுவது. வசூல் வாங்கியவர் பாடு. ஆனால் அதிலும் ரிகோர்ஸ் வைத்து எழுதுவார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது நான் போவது ட்ரெட்ஸ், அதாவது சிறு நிறுவனங்களின் பில்லை ஏலத்தில் விற்கும் ஆன்லைன் தளம். ரிசர்வ் வங்கி அனுமதியோடு ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை நடத்துகின்றன. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு வேண்டும். பில்லை ஏற்றியதும் பார்ட்டி அதை ‘அக்செப்ட்’ செய்ய வேண்டும். பிறகு வங்கிகள் ஏலம் கேட்கும். நாம் ஒரு விலையை ஏற்றுக்கொண்டால் ஓரிரு வேலை நாளில் பணம் வந்துவிடும். பார்ட்டி பிறகு கட்டாவிட்டாலும் நம்மிடம் திரும்பக் கேட்க முடியாது. வட்டியும் பார்ட்டியின் தரத்தைப் பார்த்துத்தான் வரும், நம் பட்டறையைப் பார்த்து அல்ல.

கணக்கு இது: அதே 5 லட்சம், அக்செப்ட் ஆக 20 நாள் போய்விட்டது, மீதி 70 நாள். 9 சதவீதத்துக்குப் பிடித்தம் சுமார் 8,630 ரூபாய். தளக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் தனி.

சிக்கல் அந்த 20 நாளில்தான். பார்ட்டியின் ஸ்டோர்ஸில் சரக்கு வரவு போட்டு, குவாலிட்டி பார்த்து, ரிஜெக்ஷனுக்கு டெபிட் நோட் போட்ட பிறகுதான் அக்கவுண்ட்ஸ் பட்டனை அழுத்தும். பர்ச்சேஸ் ஆளைவிட அக்கவுண்ட்ஸ் ஆளைப் பிடித்து வையுங்கள். (சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இருக்கும் ஒரே பெரிய பார்ட்டி மேல் யார் புகார் கொடுப்பது?) ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் ட்ரெட்ஸில் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு உண்டு. ஆனால் சேர்ந்தவர்கள் எல்லோரும் பில்லை அக்செப்ட் செய்துவிடுவதில்லை. புது ஆர்டருக்கு விலை பேசும்போதே ட்ரெட்ஸில் போடுவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

சரக்கையும் பாக்கியையும் காட்டி வங்கியில் எடுக்கும் சிசி லிமிட் வைத்திருந்தால் இன்னொன்று: விற்ற பில்லை மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டின் வரவேண்டிய பாக்கியில் காட்டாதீர்கள். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாகிவிடும்.